"அத்தானைப் பாருங்க" என்ற பேச்சை நிறுத்தச் சொல்வது எப்படி?

கேள்வி: கல்யாணமாகி மூணு வருஷம் ஆகுது. என் மனைவி எதுக்கெடுத்தாலும் அவங்க அக்கா வீட்டுக்காரரோட என்னை ஒப்பிட்டுப் பேசுறாங்க. "அத்தான் மாசம் ஒரு தடவையாவது அக்காவை வெளியே கூட்டிட்டுப் போறார், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை"ன்னு. கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க ஒருத்தரை விரும்பினது எனக்குத் தெரியும், அவங்க மறைக்கலை. ஆனா ரெண்டு தடவை சண்டையில அவனையும் இழுத்துட்டாங்க. "எனக்குத் தலைவலின்னா அவன் போன்ல குரலைக் கேட்டே கண்டுபிடிச்சிடுவான்"னு சொன்னப்போ, "அப்போ அவனையே கட்டியிருக்கலாமே"ன்னு கத்திட்டேன். மூணு நாள் பேச்சில்லை. சண்டை இல்லாம இதை நிறுத்தச் சொல்றது எப்படி?

பதில்:

"ஒப்பிட்டுப் பேசாதே" என்று மட்டும் கேட்டால் அது பெரும்பாலும் நிற்பதில்லை. அந்தப் பேச்சில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, அவருக்கு வேண்டிய ஏதோ ஒன்று. மற்றொன்று, அதைச் சொல்ல அவர் துணைக்கு இழுத்த ஆள். ஆளை இழுக்காதே என்று நீங்கள் சொல்வது, "எனக்கு எதுவும் வேண்டும் என்றே சொல்லாதே" என்று அவர் காதில் விழுகிறது. அதனால் அவர் இன்னும் உரக்கச் சொல்கிறார், அல்லது வாயை மூடிக்கொண்டு மனதில் வைத்துக்கொள்கிறார். நீங்கள் வைக்க வேண்டிய கோரிக்கை இதுதான்: வேண்டியதை நேராகக் கேள், நான் பதில் சொல்கிறேன், நடுவில் இன்னொரு ஆள் வேண்டாம். பதில் சொல்கிறேன் என்பதை நீங்கள் காப்பாற்றினால்தான் மற்றதை அவரால் காப்பாற்ற முடியும்.

அத்தான் பேச்சையும் பழைய காதல் பேச்சையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். முதலாவது பழக்கம், வாரத்துக்கு வாரம் நடப்பது. இரண்டாவது சண்டையின் உச்சத்தில் இரண்டு முறை வந்தது, ஆனால் ஆழமாகப் பட்டது. இரண்டையும் சேர்த்து வைத்தால் அவருக்கு அது குற்றப்பட்டியலாகத்தான் தெரியும். முதலில் அத்தான் பேச்சை எடுங்கள். நேராகக் கேட்டால் பதில் கிடைக்கிறது என்று அவர் ஒருமுறை அனுபவித்துப் பார்த்துவிட்டால், இரண்டாவது பேச்சு பாதி லேசாகிவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு பாக்கி இருக்கிறது. "அவனையே கட்டியிருக்கலாமே" என்று கத்தியதற்கு மன்னிப்பு. அதில் "ஆனா நீயும்தானே" என்ற வால் இருக்கக் கூடாது. "அன்னிக்கு அப்படிக் கத்தினது தப்பு. உன் தலைவலியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்காம அவனைப் பத்திப் பேசிட்டேன்." இவ்வளவு போதும். அன்றைக்கு வேறு எதையும் கேட்காதீர்கள். மன்னிப்பு கேட்ட கையோடு கோரிக்கை வைத்தால், கோரிக்கைக்காகத்தான் மன்னிப்பு என்று ஆகிவிடும்.

அடுத்து ஒரு பத்து நாள் பேசாமல் கவனியுங்கள். ஒப்பீடு வரும்போது மூன்று விஷயங்களை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்: அவர் சொன்ன அதே வார்த்தைகள், அதற்கு முந்தின அரைமணி நேரத்தில் நடந்தது, அந்த நேரம் அவருக்கு எது வேண்டியிருந்திருக்கும் என்பது. எழுதி வைத்து ஆதாரமாக நீட்டுவதற்காக அல்ல. அப்படி நீட்டினால் வீடு கோர்ட்டாகிவிடும். எப்போது வருகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பெரும்பாலான வீடுகளில் இரண்டு இடங்களில் இது சிக்கும். முதல் இடம், அவர் தன் அம்மாவோடோ அக்காவோடோ போன் பேசி முடித்த பின். நம் வீடுகளில் அக்கா தங்கை இரண்டு பேர் இருந்தால், "அவளைப் பாரு" என்று கேட்டே வளர்ந்திருப்பார்கள். மார்க்கில் தொடங்கியது, பின்னல், சமையல், வரன், சீர் என்று போய், இப்போது மாப்பிள்ளைகளில் வந்து நிற்கிறது. "அக்காவுக்கு வளையல் வாங்கிக் குடுத்திருக்கார், உங்க வீட்ல என்ன விசேஷம்?" என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல் போனை வைத்தவர், அடுத்த பத்து நிமிஷத்தில் உங்களிடம் "அத்தானைப் பாருங்க" என்கிறார். அவர்மேல் விழுந்த அளவுகோலைத்தான் உங்கள் பக்கம் தள்ளிவிடுகிறார். அப்படியென்றால் இந்த ஒப்பீட்டில் அடிபடுகிறவர்கள் நீங்கள் இருவருமே. அது தெரிந்தால் நீங்கள் பேசும் தொனியே மாறிவிடும்.

இரண்டாவது இடம் உங்கள் கையிலேயே இருக்கிறது. பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். அவர் அதையே முன்பு சாதாரணமாகக் கேட்டிருப்பார். "இந்த ஞாயித்துக்கிழமை எங்கயாவது போலாமா?" என்றதற்கு நீங்கள் "பார்க்கலாம்" என்றிருப்பீர்கள். அடுத்த முறை "இந்த மாசம் கொஞ்சம் டைட்." மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை, அத்தானைக் கொண்டுவந்தார். அப்போதுதான் நீங்கள் போனிலிருந்து தலையைத் தூக்கினீர்கள். சாதாரணக் கேள்விக்குப் பதில் வராது, ஒப்பீட்டுக்கு உடனே பதில் வரும் என்றால் எவரும் இரண்டாவதைத்தான் பழகிக்கொள்வார்கள். திட்டமிட்டுச் செய்வதில்லை, தானாகப் பழகிவிடும். கோபப்பட்டு நீங்கள் கத்துவதும் ஒரு பதில்தான். "பார்க்கலாம்" மட்டும்தான் பதிலே இல்லாதது.

கூடவே உங்களையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். "எங்க அம்மா வைக்கிற வத்தக்குழம்பு மாதிரி வரலை", "ஆபீஸ்ல அவன் மனைவி வேலைக்கும் போயிட்டு வீட்டையும் பார்த்துக்கறாங்க" என்று நீங்கள் சொன்னதுண்டா? இதை ஒப்பீடு என்றே கணவர்கள் பலர் எண்ணுவதில்லை. மனைவி கண்டிப்பாக எண்ணிவைத்திருப்பார். உண்டு என்றால் பேச்சின் முதல் வரியே அதுவாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது நிமிஷத்தில் அவர் அதைத் தூக்கிப் போடுவார், நீங்கள் கேட்க வந்தது அங்கேயே முடிந்துவிடும்.

பேச எடுக்கும் நேரத்தைப் பொறுத்தவரை, ஒப்பீடு வந்த அந்த நிமிஷத்தில் வேண்டாம். படுக்கையில் விளக்கை அணைத்த பிறகு வேண்டாம், பெற்றோர் வீட்டில் இருக்கும்போது வேண்டாம், இருவரில் ஒருவர் பசியோடு இருக்கும்போதும் வேண்டாம். ஞாயிறு காலை காபி முடிந்த பிறகு, அல்லது மாலையில் சேர்ந்து நடக்கும்போது நல்லது. எதிரெதிரே உட்காருவதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது பலருக்கு எளிது. "உன்கிட்ட ஒண்ணு பேசணும்" என்று காலையில் சொல்லிவிட்டு மாலைவரை காக்கவைக்காதீர்கள். அந்தப் பத்து மணி நேரத்தில் அவர் மனதிலேயே முழுச் சண்டையும் நடந்து முடிந்திருக்கும். "சண்டை இல்லை, ஒரு பத்து நிமிஷம் பேசலாமா?" என்று கேட்டு உடனே தொடங்குங்கள்.

எப்படித் தொடங்குகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். அமெரிக்க உளவியலாளர்கள் கரேரும் காட்மனும் 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், புதிதாகத் திருமணமான 124 தம்பதிகள் ஒரு கருத்து வேறுபாட்டைப் பற்றிப் பேசுவதைப் பதிவு செய்தார்கள். அவர்களில் பின்னால் பிரிந்தவர்களையும் சேர்ந்திருந்தவர்களையும், அந்தப் பேச்சின் முதல் மூன்று நிமிஷங்களை வைத்தே வேறுபடுத்த முடிந்தது. குற்றச்சாட்டோடு தொடங்கிய பேச்சு வழியில் திருந்துவது அரிது. எனவே முதல் நாலு வரியை மனதில் தயார் செய்துகொண்டு போவதில் தவறே இல்லை. செயற்கையாக இருக்குமே என்று தயங்க வேண்டாம். தயார் செய்யாத நேரத்தில் வாயில் வருவது எது என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் விஷயத்தில் அந்த நாலு வரி இப்படி இருக்கலாம்:

"அம்மா சமையலோட உன் சமையலை நான் ஒப்பிட்டுச் சொல்லியிருக்கேன். அது உனக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்போ புரியுது, அதை விட்டுடறேன். போன வாரம் 'அத்தான் மாசம் ஒரு தடவை கூட்டிட்டுப் போறார், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை'ன்னு நீ சொன்னப்போ, நான் உனக்குப் போதாத ஆள்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் நீ என்ன கேட்டேங்கறதே என் மனசுல ஏறலை. உனக்கு வெளியே போகணும்னா 'போகணும்'னு கேளு, 'பார்க்கலாம்'னு மழுப்ப மாட்டேன், அன்னிக்கே பதில் சொல்றேன். அத்தான் பேரு மட்டும் நடுவுல வேண்டாம்."

இதில் ஒவ்வொன்றும் காரணத்தோடு இருக்கிறது. முதலில் உங்கள் பங்கை வைத்துவிட்டீர்கள், எனவே அவர் தற்காப்பில் இறங்கத் தேவையில்லை. ஒரே ஒரு சம்பவத்தை, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னீர்கள். "எப்பப் பாரு இப்படித்தான்" என்றிருந்தால், அப்படிச் சொல்லாத நாள்களை அவர் எண்ணிக் காட்டத் தொடங்கியிருப்பார். "நீ என்னை அவமானப்படுத்தறே" என்று அவர் நோக்கத்தைத் தீர்மானிக்காமல், உங்களுக்கு எப்படிக் கேட்டது என்பதோடு நிறுத்தினீர்கள். அதை யாரும் மறுக்க முடியாது. கடைசியில், வேண்டாம் என்பதோடு விடாமல் அதற்குப் பதிலாக அவர் என்ன செய்யலாம், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று இரண்டையும் சொன்னீர்கள். "அன்னிக்கே பதில்" என்பது அளக்கக்கூடிய வாக்கு. "இனிமே நல்லா நடந்துக்கறேன்" என்பதை எவராலும் அளக்க முடியாது.

இதற்கு அவர் உடனே "சரிங்க" என்று சொல்லிவிட மாட்டார். வரக்கூடிய பதில்கள் ஏறக்குறைய தெரிந்தவைதான்.

"நான் எங்க ஒப்பிட்டேன், சும்மா சொன்னேன்" என்றால் நிரூபிக்கப் போகாதீர்கள். "நீ சும்மா சொல்லியிருக்கலாம், எனக்கு அப்படிக் கேட்டுச்சு" என்று விட்டுவிடுங்கள். அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. இனி மாறினால் போதும்.

"நடக்கிறதைத்தானே சொன்னேன், அவர் கூட்டிட்டுப் போறார்தானே?" என்பது கொஞ்சம் கடினமானது, ஏனென்றால் அது உண்மை. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். "அத்தான் கார் இஎம்ஐ கட்ட முடியாம எங்கிட்டயே கைமாத்து கேட்டார் தெரியுமா?" என்று சகலையின் கணக்கை எடுப்பார்கள். எடுத்தவுடன் மனைவி தன் அக்கா குடும்பத்தைக் காப்பாற்றும் பக்கம் போய்விடுவார். பேச்சு சகலையின் கடனைப் பற்றியதாகிவிடும், உங்கள் இருவரைப் பற்றியதாக இருக்காது. இன்னொரு நாள் அந்தக் கைமாத்துச் செய்தி அக்கா காதுக்கும் போய்ச் சேரும். உண்மையை உண்மை என்றே ஒப்புக்கொள்ளுங்கள்: "ஆமா, கூட்டிட்டுப் போறார். நல்ல விஷயம்தான். நமக்கு என்ன முடியும்னு நாம பேசலாம்."

"அப்போ நான் எதுவுமே கேக்கக் கூடாதா?" என்பதுதான் மிக முக்கியமான பதில். இது வந்தால், உங்கள் கோரிக்கையில் 'வேண்டாம்' என்ற பாதி மட்டுமே அவர் காதில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பொறுமையாக மற்றப் பாதியைத் திரும்பச் சொல்லுங்கள்: "கேக்கணும். இப்பவே கேளு. என்ன வேணும்?" சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அங்கே வரும் பதிலுக்காகத்தான் இந்தப் பேச்சே.

பெரும்பாலும் அங்கே வருவது நீங்கள் நினைத்ததாக இருக்காது. வெளியே போவது என்றால் ரிசார்ட், செலவு என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். அவர் சொல்வது வேறாக இருக்கும்: "எங்க போறதுன்னு நான்தான் யோசிக்கணும், நான்தான் ஞாபகப்படுத்தணும், நான்தான் கிளப்பணும். ஒரு தடவையாவது நீங்களா யோசிச்சு 'கிளம்பு'ன்னு சொல்லுங்களேன்." அப்படியானால் அத்தானிடம் அவருக்குப் பிடித்தது பணம் செலவழிப்பதல்ல, முன்னால் நின்று ஏற்பாடு செய்வது. அங்கேயே முடிவு செய்யுங்கள்: மாசம் ஒரு ஞாயிறு, உதாரணமாக இரண்டாவது ஞாயிறு. சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஒன்பது மணிவரை. செலவு ஆயிரம் ரூபாய்க்குள். எங்கே என்று யோசிப்பதும் கிளப்புவதும் உங்கள் பொறுப்பு, அவர் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. கடற்கரையும் டிபனும் என்றாலும் சரி. இதை மூன்று மாதம் தவறாமல் செய்தால் அத்தானை இழுக்க வேண்டிய அவசியமே அந்த விஷயத்தில் இருக்காது. ஒரு மாதம் முடியாமல் போனால், அந்த ஞாயிறு வருவதற்கு முன்பே நீங்களாகச் சொல்லி வேறு தேதி கொடுங்கள். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் கேட்டுத் தெரிந்துகொண்டால் மூன்று மாத உழைப்பும் வீணாகிவிடும்.

பேச்சு நடுவில் சூடானால் நிறுத்தத் தெரிய வேண்டும். நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு நூறைத் தாண்டிவிட்டால், எதிராளி சொல்வது காதில் விழும், புத்திக்குப் போகாது. இதுவும் காட்மனின் ஆய்வுகளிலிருந்து வந்ததுதான். உடம்பு அடங்கக் குறைந்தது இருபது நிமிஷம் ஆகும். காது சூடாவது, குரல் ஏறுவது, அவர் பேசும்போதே பதிலைக் கோர்ப்பது எல்லாம் அடையாளம். "எனக்குக் கோபம் ஏறுது. அரைமணி நேரம் கழிச்சு, ஏழு மணிக்கு இதைத் தொடரலாம்" என்று திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். ஏழு மணிக்கு நீங்களே போய்த் தொடங்குங்கள். நேரம் சொல்லாமல் எழுந்து போனால் அது விலகல், மூன்று நாள் மௌனத்தின் முதல் அரைமணி. இடைவேளையில் நண்பனுக்குப் போன் செய்து மனைவியைப் பற்றிப் புலம்பாதீர்கள். கோபம் அடங்குவதற்குப் பதில் ஏறும்.

நல்லபடியாகப் பேசி முடித்த பிறகும் ஒப்பீடு திரும்ப வரும். வருஷக்கணக்கான பழக்கம் ஒரு ஞாயிறில் போகாது. அந்த நேரத்துக்கு என்று ஒரு சின்ன வரியை இருவரும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள். "ஆள் வேண்டாம், விஷயத்தைச் சொல்லு" என்பது போல ஏதாவது. சாதாரணக் குரலில், ஒரே தடவை. அவர் விஷயத்தைச் சொன்னதும் உடனே பதில் சொல்லுங்கள்: முடியும், இந்தத் தேதியில் முடியும், அல்லது முடியாது, காரணம் இது. "முடியாது" என்பதும் முழுமையான பதில்தான், "பார்க்கலாம்" என்பதைவிட மேலானது. அந்த வரியை உங்கள்மேல் அவரும் பயன்படுத்தலாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு, அதை அன்பு என்று நினைத்தே பலர் செய்கிறார்கள். "அத்தான் வளையல் வாங்கிக் குடுத்தார்" என்று கேட்ட மறுவாரம் கடன் வாங்கியாவது வளையல் வாங்கி வருவது. அன்றைக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் ஒப்பிட்டால் கிடைக்கும் என்பது உறுதியாகிவிடும், சகலையின் அடுத்த செலவுக்கும் நீங்கள் ஓட வேண்டும். வாங்கித் தர வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால், அவர் எதையும் ஒப்பிடாத ஒரு மாதத்தில் வாங்குங்கள்.

அத்தான் பேச்சு ஓரளவு அடங்கி, நேராகக் கேட்பது நாலைந்து முறை நடந்த பிறகு, இரண்டாவது பேச்சை எடுக்கலாம். இரண்டு மூன்று வாரம் ஆகலாம். இதற்கு முறை வேறு. அத்தான் விஷயத்தில் பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னீர்கள். இங்கே ஒரு எல்லையை வைக்கிறீர்கள். எல்லை எங்கே என்பதில் நீங்கள் முதலில் தெளிவாக இருக்க வேண்டும். அவருக்கு ஒரு கடந்தகாலம் இருந்தது, அதை உங்களிடம் மறைக்காமல் சொன்னார். அது உங்கள்மேல் அவர் வைத்த நம்பிக்கை. "இனிமே அவன் பேரே இந்த வீட்ல வரக் கூடாது" என்று கேட்டால், சொன்னதற்கான தண்டனையாக அது மாறும். அடுத்த முறை எதையுமே சொல்ல மாட்டார். கல்லூரி நாள்களைப் பற்றிப் பேசும்போது அவன் பெயர் வந்தால் வரட்டும். உங்களை அளக்க அவனைப் பயன்படுத்தக் கூடாது, குறிப்பாகச் சண்டையில். அதுதான் எல்லை.

"ஒரு விஷயம், இது எனக்குக் கஷ்டமா இருக்கு. நீ ஒருத்தரை விரும்பினதுல எனக்குக் குறை இல்லை, அதை எங்கிட்ட சொன்னதுல மரியாதைதான். ஆனா சண்டையில அவனோட என்னை வச்சுப் பேசினா, அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு உன் பக்கத்துல வரவே எனக்குத் தயக்கமா இருக்கு. எவ்வளவு கோபம் வந்தாலும் அதை மட்டும் செய்யாதே. நானும் 'அவனையே கட்டியிருக்கலாமே'ங்கற பேச்சை இனி எடுக்க மாட்டேன்."

சொன்னதும் நிறுத்துங்கள். இந்த இடத்தில் ஒரு கேள்வி நாக்கு நுனிவரை வரும்: "இன்னும் அவனை நினைக்கிறியா?" அதைக் கேட்காதீர்கள். இல்லை என்றால் நம்ப மாட்டீர்கள், ஆமாம் என்றால் தாங்க மாட்டீர்கள். போனை வாங்கிப் பார்ப்பது, பழைய படங்களைத் தேடுவது, அவன் இப்போது என்ன சம்பளம் வாங்குகிறான் என்று விசாரிப்பது எல்லாம் அதே கேள்வியின் வேறு வடிவங்கள். ஒவ்வொரு தேடலுக்கும் பிறகு அவனை உங்களோடு ஒப்பிடுவது நீங்களாகவே இருப்பீர்கள்.

போனில் குரலைக் கேட்டே தலைவலியைக் கண்டுபிடித்தவனோடு நீங்கள் போட்டி போட முடியாது, அது நியாயமான போட்டியும் அல்ல. அவனுக்கு அந்த அரைமணி நேரப் போன் பேச்சு மட்டும்தான் வேலை. வாடகை, மாமியார், காஸ் தீர்ந்த காலை எதுவும் அங்கே இல்லை. இது உங்கள் மன அமைதிக்குத் தெரிந்திருந்தால் போதும். வாதமாக அவரிடம் சொல்லாதீர்கள். சொன்னால் அவருடைய நினைவைப் பொய் என்கிறீர்கள் என்றாகும், அவர் அதைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்.

அந்த வாக்கியத்தில் உங்களுக்கு வேண்டியது தலைவலி மட்டும்தான். தன்னை ஒருவர் கவனிக்க வேண்டும் என்கிறார். அதற்கு நேரடியாக ஏதாவது செய்யலாம். வீட்டுக்கு வந்ததும் முதல் பத்து நிமிஷம் போனை ஹாலில் வைத்துவிட்டு, அவர் இருக்கும் இடத்துக்குப் போய் முகத்தைப் பார்த்து, "இன்னிக்கு எப்படி இருந்துச்சு? சோர்வா இருக்கியே" என்று கேட்பது. கூடவே இதையும் சொல்லிவிடுங்கள்: "குரலை வச்சுக் கண்டுபிடிக்க எனக்கு வராது. 'தலை வலிக்குது'ன்னு சொல்லு, மாத்திரையும் காபியும் நான் கொண்டு வரேன், பாத்திரம் நான் தேய்க்கறேன்." சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அவர் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறார், சொன்ன பிறகும் அசையாத பழக்கத்தை நீங்கள் விடுகிறீர்கள். இந்த இடத்தில்தான் இருவரும் சந்திக்க முடியும்.

அவர் அந்த நபரோடு இப்போதும் தொடர்பில் இருக்கிறார் என்று தெரிந்தால், அது ஒப்பீட்டுப் பிரச்சினை அல்ல, தனியாக வெளிப்படையாகப் பேச வேண்டியது. இந்தப் பேச்சுக்குள் அதை நுழைக்காதீர்கள்.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஒப்பீடு அடியோடு நின்றுவிட்டதா என்று பார்க்காதீர்கள். "அத்தான்..." என்று தொடங்கி அவரே பாதியில் நிறுத்தினால் அதுவே முதல் அடையாளம். அந்த இடத்தில் சிரித்துவிடாதீர்கள், "பார்த்தியா" என்றும் சொல்லாதீர்கள். மீதியைக் கேளுங்கள். அடுத்த அடையாளம், நேரான கேள்விகள் அதிகமாவது. முன்பைவிட நிறையக் கேட்கிறாரே என்று தோன்றும். அதுதான் நீங்கள் கேட்டுக்கொண்டது. ஊருக்குப் போய் அக்கா குடும்பத்தோடு நாலு நாள் இருந்துவிட்டு வந்தால் பழையபடி கூடும், பிறகு குறையும். அம்மாவின் போன்தான் காரணம் என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தால், அம்மாவைக் குறை சொல்லாமல், "அம்மா அப்படிக் கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்ல?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர் மனதிலிருப்பது கொட்டும். மாமியாரிடம் நீங்களே போய்ப் பேசுவது மட்டும் வேண்டாம்.

இரண்டு மாதம் இதையெல்லாம் உண்மையாகச் செய்தும் ஒன்றும் மாறவில்லை, அல்லது நீங்கள் வலிக்கிறது என்று சொன்ன பிறகு அதே இடத்தில்தான் அதிகம் அடி விழுகிறது என்றால், அது பழக்கம் அல்ல. சொந்தக்காரர்கள் முன்னால் உங்கள் சம்பளத்தையோ உடம்பையோ இன்னொருவரோடு ஒப்பிட்டுச் சிரிப்பது, படுக்கையறை விஷயத்தில் ஒப்பிடுவது, இவையும் அந்த வகைதான். கூட்டத்தில் நடந்தால் அங்கேயே பதில் கொடுக்காமல் பேச்சை மாற்றிவிட்டு, அன்று இரவுக்குள் தனியாக, "நாலு பேர் முன்னாடி சொன்னது எனக்கு ஏத்துக்க முடியாது" என்று சொல்லுங்கள். தொடர்ந்தால் தம்பதி ஆலோசகரிடம் இருவரும் சேர்ந்து போங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போகலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருபத்துநாலு மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

இதை மனைவியின் இடத்தில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று. கணவர் பழைய காதலியோடோ மற்ற வீட்டுப் பெண்களோடோ ஒப்பிட்டுப் பேசினாலும் மேலே சொன்ன வழி அப்படியே பொருந்தும். ஆனால் அது இழிவுபடுத்துவதாக, குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று குத்திக்காட்டுவதாகத் தொடர்ந்தால், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதைச் சொல்வழி, மனவழிக் கொடுமை என்றே வகைப்படுத்துகிறது. அந்த நிலையில் பேசும் விதத்தைச் சரிசெய்வது உங்கள் வேலை அல்ல. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.